பந்து தரையைத் தொட்டது எந்தக் கணத்தில்?

தரையிலிருந்து செங்குத்தாக மேலே ஒரு பந்தை எறிகிறோம். வேகம் வினாடிக்கு 20 மீட்டர். காற்றுத் தடை இல்லை என்று வைத்துக்கொண்டால், அது எப்போது திரும்பித் தரையைத் தொடும் என்பதைப் பதினோராம் வகுப்பு மாணவர்கூடத் தாளில் போட்டுவிடுவார். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றால், 40-ஐ 9.8-ஆல் வகுக்க வேண்டும். விடை 4.0816 வினாடி.

அதே கேள்வியைக் கணினியிடம் கேட்டால், அது இந்தச் சூத்திரத்தைத் தேடிப் போகாது. பந்தின் இப்போதைய உயரம், இப்போதைய திசைவேகம், அவை மாறும் விதி ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தில் படிப்படியாக முன்னேறும். இப்படி வகைக்கெழுச் சமன்பாடுகளை எண்களாகத் தீர்க்கும் நிரலை சால்வர் என்கிறோம். சூத்திரமே இல்லாத சிக்கல்களுக்கும் விடை தரும் என்பதுதான் அதன் பலம். பந்துக்குக் காற்றுத் தடையும் சுழற்சியும் சேர்ந்துவிட்டால் தாளில் போடும் கணக்கு பெரும்பாலும் கைவிட்டுவிடும். சால்வர் அதே சிரமத்தில், அதே வழியில் போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. தரை என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. 0.1 வினாடிப் படிகளாக நம் பந்தைக் கணக்கிட்டால், 4.0 வினாடியில் உயரம் 1.6 மீட்டர் என்று வரும். அடுத்த படியில், 4.1 வினாடியில், உயரம் மைனஸ் 0.369 மீட்டர். பந்து மண்ணுக்குள் ஒன்றேகால் அடி போய்விட்டது! தொட்ட கணம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டு புள்ளிகளையும் நேர்க்கோட்டால் இணைத்து, கோடு சுழியத்தைத் தொடும் இடத்தைப் பார்த்தால் 4.0813 கிடைக்கும். மோசமில்லை. ஆனால் பந்து போகும் வழி நேர்க்கோடு அல்ல. அதனால்தான் நான்காவது தசம இலக்கத்தில் விடை பிசகுகிறது.

இந்தக் கணத்தைச் சரியாகப் பிடிப்பதற்கு நிகழ்வு கண்டறிதல் என்று பெயர். பைத்தானில் இதற்கு எல்லோரும் எடுக்கும் கருவி, சைபை நூலகத்தின் `solve_ivp`. 2017-இல் வெளியான சைபை 1.0 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. நம் பந்தை அதில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
from scipy.integrate import solve_ivp

def flight(t, y):
    return [y[1], -9.8]

def ground(t, y):
    return y[0]

ground.terminal = True
ground.direction = -1

sol = solve_ivp(flight, [0, 10], [0, 20], events=ground)
print(sol.t_events[0])
```

`y[0]` உயரம், `y[1]` திசைவேகம். `flight` என்பது இயக்க விதி. `ground` தான் நம் நிகழ்வு. அது "தரையைத் தொட்டாயிற்றா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறுமனே உயரத்தைத் திருப்பித் தருகிறது. அந்த எண் சுழியத்தைக் கடக்கும் கணமே நிகழ்வு. `terminal` என்பது நிகழ்வு நடந்ததும் கணக்கை நிறுத்தச் சொல்கிறது. `direction` என்பதில் -1 இட்டால், எண் நேர்மறையிலிருந்து எதிர்மறைக்கு இறங்கும்போது மட்டும் கணக்கில் கொள் என்று பொருள். ஓடவிட்டால் 4.08163265 என்று அச்சிடும்.

உள்ளே என்ன நடந்தது என்பதை `sol.t` என்ற பட்டியலைத் திறந்தால் பார்க்கலாம். சால்வர் எந்தெந்த நேரங்களில் கால் பதித்தது என்பது அதில் இருக்கும். அந்த நேரங்கள் ஏறத்தாழ 0, 0.00005, 0.00055, 0.00555, 0.0555, 0.555, அதற்கடுத்து நேராக 4.0816. முதல் படியை மிகச் சிறியதாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் பத்து மடங்காகப் பெருக்கிக்கொண்டே போயிருக்கிறது. காரணம் எளிது. `solve_ivp` வழக்கமாகப் பயன்படுத்தும் முறை, டார்மண்டும் பிரின்ஸும் 1980-இல் வெளியிட்டது. `RK45` என்று அதை அழைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் அது இரண்டு வித துல்லியத்தில் விடை கண்டு, அவற்றின் வேறுபாட்டை வைத்துத் தன் பிழையை மதிப்பிடுகிறது. பிழை குறைவு என்றால் அடுத்த படியை நீட்டுகிறது. மிக அதிகமாகப் பத்து மடங்கு வரை. காற்றில்லாத பந்தின் பாதை ஓர் இருபடிக் கோவை. இந்த முறைக்கு அது பிழையே இல்லாத கணக்கு. ஆகவே ஒவ்வொரு படியும் உச்ச அளவுக்கு நீண்டது.

0.555 வினாடிக்குப் பின் எடுத்த படி உண்மையில் 5 வினாடி நீளமானது. அது 5.555 வினாடியில், தரைக்குக் கீழே 40 மீட்டர் ஆழத்தில் போய் முடிந்தது. அப்போதுதான் சால்வர் நிகழ்வைப் பார்த்தது. படியின் தொடக்கத்தில் `ground` தந்த எண் நேர்மறை, முடிவில் எதிர்மறை. குறி மாறியிருக்கிறது, எனவே இடையில் எங்கோ சுழியம் இருந்தே ஆக வேண்டும். உடனே அந்தப் படியின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு வழவழப்பான வளைவை, நான்காம் படிப் பல்லுறுப்புக் கோவையாக, வரைந்துகொள்கிறது. நேர்க்கோட்டைவிட இது எவ்வளவோ மேல். பிறகு அந்த வளைவு சுழியத்தைக் கடக்கும் இடத்தைத் தேடுகிறது. தேடும் வழி, ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பிரென்ட் 1973-இல் தம் நூலில் எழுதியது. இடைவெளியைப் பாதி பாதியாகப் பிளந்து நெருக்குவது பத்திரமானது, ஆனால் மெதுவானது. வளைவின் போக்கை வைத்து ஊகித்துத் தாவுவது வேகமானது, ஆனால் சில சமயம் தடம் புரளும். பிரென்ட்டின் முறை தாவிப் பார்க்கும். தாவல் சரிவரவில்லை என்றால் பாதியாகப் பிளப்பதற்குத் திரும்பிவிடும். சைபை நூலகத்தில் இதற்கு `brentq` என்று பெயர். கணினியின் எண்கள் அனுமதிக்கும் கடைசி இலக்கம் வரை அது சுழியத்தை நெருக்கிவிடும்.

இந்தக் கருவி பிசகும் இடங்கள் எல்லாமே இந்த உள்வேலையிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

முதலில் `direction`. மேலே உள்ள நிரலில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். பந்து பறக்கவே பறக்காது. நிகழ்வு நேரம் 0 என்று வந்து கணக்கு நின்றுவிடும். பந்து தரையிலிருந்துதான் புறப்படுகிறது; தொடக்கத்தில் உயரம் சுழியம், முதல் படியின் முடிவில் நேர்மறை. சுழியத்திலிருந்து மேலே ஏறுவதையும் சைபை ஒரு கடத்தலாகவே எண்ணுகிறது. திசை சொல்லப்படாததால், எறிந்த கணத்தையே தரையைத் தொட்ட கணமாக எடுத்துக்கொண்டு `terminal` சொன்னபடி நிறுத்திவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, "A termination event occurred." என்ற இயல்பான செய்திதான் வரும். விடைப் பட்டியல் மிகக் குட்டையாக இருந்தாலோ, நிகழ்வு நேரமும் தொடக்க நேரமும் ஒன்றாக இருந்தாலோ இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, நிகழ்வு கண்ணில் படாமலே போவது. அதே பந்து 20 மீட்டர் உயரத்தைக் கடக்கும் கணங்களைக் கேட்போம். பந்தின் உச்ச உயரம் 20.41 மீட்டர் என்பதால், ஏறும்போது 1.752 வினாடியிலும் இறங்கும்போது 2.329 வினாடியிலும் அது 20 மீட்டரைக் கடந்தாக வேண்டும். இப்படி ஒரு நிகழ்வைச் சேர்க்கிறோம்:

```python
def at20(t, y):
    return y[0] - 20

sol = solve_ivp(flight, [0, 10], [0, 20], events=[ground, at20])
```

`sol.t_events[1]` காலியாக வரும். இரண்டு கடத்தல்களில் ஒன்றுகூட அதில் இருக்காது. ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். 0.555 வினாடியில் பந்து 9.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. `at20` தரும் எண் மைனஸ் 10.4. படி முடியும் 5.555 வினாடியில் அந்த எண் மைனஸ் 60. இரண்டு முனையிலும் எதிர்மறை. நடுவில் பந்து 20 மீட்டருக்கு மேலே போய், அரை வினாடிக்கும் கூடுதலாக அங்கே இருந்து, திரும்பி வந்தது சால்வருக்குத் தெரியவே தெரியாது. அது படியின் முனைகளில் மட்டும்தான் குறியைப் பார்க்கிறது. ஒரே படிக்குள் இருமுறை கடந்தால் குறி பழைய நிலைக்கே வந்துவிடுகிறது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது ஒன்று: சிக்கல் எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாக நிகழ்வு தப்பிவிடுகிறது. பாதை மென்மையாக இருப்பதால் படி நீள்கிறது; படி நீள்வதால் நிகழ்வு அதற்குள் புதைந்துபோகிறது. சால்வர் தன் படியின் நீளத்தைத் தீர்மானிப்பது பாதையின் பிழையைப் பார்த்துத்தான். நாம் கேட்கும் நிகழ்வை அது பொருட்படுத்துவதில்லை. எத்தனை நிகழ்வுகளைச் சேர்த்தாலும் ஒரு படிகூடக் குறுகாது.

எல்லோரும் சொல்லும் மருந்து `max_step`. படியின் உச்ச நீளத்தை 0.1 என்று கட்டிவிட்டால், 20 மீட்டர்க் கடத்தல்கள் இரண்டும் பிடிபடும், அவற்றுக்கிடையே 0.577 வினாடி இருக்கிறதே. ஆனால் உயரத்தை 20.4 மீட்டர் என்று மாற்றினால் பந்து அதைக் கடப்பது 2.0 வினாடியிலும் 2.0816 வினாடியிலும். இடைவெளி 0.0816 வினாடி, நம் படியைவிடக் குறைவு. அந்த இடைவெளிக்குள் ஒரு படியின் முனை விழுந்தால் பிடிபடும், விழாவிட்டால் தப்பிவிடும். எவ்வளவு சிறிய படி போதும் என்பதற்கு, நிகழ்வுகள் எவ்வளவு நெருக்கமாக வரும் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். படியைக் குறுக்கக் குறுக்கக் கணக்கு நேரமும் ஏறும்.

கேள்வியை மாற்றிக் கேட்பது இதைவிட நல்லது என்பது என் கருத்து. உயரம் ஒரு பறப்பில் ஏறி இறங்குகிறது. அதனால் இரண்டு முறை கடக்கிறது. திசைவேகமோ 20-இல் தொடங்கி இறங்கிக்கொண்டே போகிறது, சுழியத்தை ஒரே ஒருமுறைதான் கடக்கும். ஆகவே `y[1]`-ஐத் திருப்பித் தரும் நிகழ்வு, படி எவ்வளவு நீளமானாலும் தப்பாது. அதை `terminal` ஆக்கினால் கணக்கு உச்சிப் புள்ளியில், 2.0408 வினாடியில், நிற்கும். அந்த நேரத்தையே முடிவாகக் கொடுத்துத் தொடக்கத்திலிருந்து அதுவரை ஒரு கணக்கு, அங்கிருந்து தரை வரை இன்னொரு கணக்கு. முதல் பாதியில் உயரம் ஏறிக்கொண்டே இருக்கிறது, இரண்டாம் பாதியில் இறங்கிக்கொண்டே. ஒவ்வொரு பாதியிலும் 20 மீட்டரை, அல்லது 20.4 மீட்டரை, பந்து ஒரே முறை கடக்கும். குறி கட்டாயம் மாறும். படியைக் குறுக்காமலே விடை கிடைத்துவிடுகிறது.

இதே காரணத்தால், நிகழ்வு ஃபங்ஷன் `y[0] > 0` என்று உண்மை, பொய் என்ற பதிலைத் தரக்கூடாது. பைத்தான் அதை 1, 0 என்று எடுத்துக்கொள்ளும். படியின் முடிவில் 0 இருப்பதைக் கண்டதும் `brentq` அதையே மூலம் என்று ஏற்றுக்கொண்டு, பந்து தரையைத் தொட்டது 5.555 வினாடியில் என்று சொல்லும். அந்தக் கணத்தின் உயரத்தை `sol.y_events`-இல் பார்த்தால் மைனஸ் 40 மீட்டர் என்று இருக்கும். எந்த நிகழ்வானாலும் அந்தக் கணத்தின் நிலையைப் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். தரையைத் தொட்ட கணத்தில் உயரம் சுழியமாக இல்லையென்றால் ஏதோ சரியில்லை.

ஆனால் உயரம் சுழியமாக இருப்பது மட்டும் போதாது. காற்றுத் தடையைச் சேர்த்துப் பார்க்கும்போது இது தெரியவரும். தடை திசைவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கொண்டு, இயக்க விதியை இப்படி மாற்றுகிறோம்:

```python
def flight(t, y):
    v = y[1]
    return [v, -9.8 - 0.008 * v * abs(v)]
```

0.008 என்ற எண் கிரிக்கெட் பந்துக்கு ஏறத்தாழப் பொருந்தும். இந்த எண்ணின்படி, உயரத்திலிருந்து விழும் பந்தின் வேகம் வினாடிக்கு 35 மீட்டரை நெருங்கியதும் மேலும் கூடாது. செங்குத்தாக எறிந்த பந்துக்கு மட்டும் இந்தச் சமன்பாட்டைத் தாளிலும் தீர்க்க முடியும் என்பது நம் அதிர்ஷ்டம். ஏற 1.8541 வினாடி, இறங்க 1.9435 வினாடி, மொத்தம் 3.7976 வினாடி. உச்ச உயரம் 17.66 மீட்டர். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போன பந்து 17.36 மீட்டர் வேகத்தில் திரும்புகிறது. இந்த எண்களை அளவுகோலாக வைத்து சால்வரின் விடையைச் சோதிக்கலாம்.

`solve_ivp` தானாக எடுத்துக்கொள்ளும் பிழை வரம்பு தளர்வானது. `rtol` ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த வரம்பில் வரும் நிகழ்வு நேரம் திரையில் எட்டுத் தசம இலக்கங்களோடு அச்சாகும். அவை எல்லாம் உண்மை என்று நம்பிவிடக்கூடாது. பிரென்ட்டின் முறை கடைசி இலக்கம் வரை துல்லியமாகக் கண்டுபிடித்தது, சால்வர் வரைந்த வளைவு தரையைத் தொடும் இடத்தை. அந்த வளைவே உண்மைப் பாதையிலிருந்து விலகியிருந்தால், தேடலில் எவ்வளவு துல்லியம் இருந்தும் பயனில்லை. அந்தக் கணத்தில் உயரம் சுழியமாகத்தான் காட்டும், நேரம்தான் பிசகியிருக்கும்.

இதைக் கண்டுகொள்ளத் தாளில் போட்ட விடை தேவையில்லை. `rtol=1e-8, atol=1e-10` என்று வரம்பை இறுக்கி மறுபடி ஓடவிட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இலக்கம் வரை அவை ஒத்துப்போகின்றனவோ, தளர்ந்த வரம்பின் விடையில் அதுவரை நம்பலாம். நம் பந்துக்கு இறுக்கிய வரம்பில் 3.7976 வந்துவிடும். `max_step`-ஐக் குறைத்தாலும் விடை திருந்தும்தான். ஆனால் அது நிகழ்வு தப்பாமல் இருக்க உதவும் கருவி. துல்லியத்துக்கு உரிய கருவி பிழை வரம்பு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் நேரம் அதிகம்.

தொட்ட கணத்தைப் பிடித்தபின் பந்து எழும்ப வேண்டாமா? எழும்பும்போது திசைவேகம் ஒரே கணத்தில் கீழ்நோக்கியதிலிருந்து மேல்நோக்கியதாகத் தாவுகிறது. சால்வருக்கு இப்படிப்பட்ட தாவல் ஆகாது. பாதை வழவழப்பானது என்ற நம்பிக்கையில்தான் அதன் பிழை மதிப்பீடு நிற்கிறது. ஆகவே தரையைத் தொட்டதும் நிறுத்தி, திசைவேகத்தை நாமே திருப்பி, புதிதாகத் தொடங்க வேண்டும். காற்றில்லாத முதல் `flight`-க்கே திரும்பி, பந்து ஒவ்வொரு முறையும் 80 சதவீத வேகத்தில் எழும்புகிறது என்று கொள்வோம்.

```python
t0, v = 0.0, 20.0
while v > 0.01:
    s = solve_ivp(flight, [t0, t0 + 10], [0, v], events=ground)
    t0 = s.t_events[0][0]
    v = -0.8 * s.y_events[0][0][1]
```

ஒவ்வொரு பறப்பும் உயரம் 0 என்றே தொடங்குகிறது. நிகழ்வில் கிடைத்த உயரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், எண்களைச் சுருக்குவதில் வரும் பிழையால் அது சுழியத்துக்கு ஒரு நூலிழை கீழே இருக்கக்கூடும். எழும்பல் மிகச் சிறிதாகும்போது முதல் படி அந்தப் பறப்பை முழுவதும் விழுங்கிவிடும். படியின் இரு முனையும் எதிர்மறை, குறி மாறாது, பந்து தரையைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். 10 வினாடியின் முடிவில் 490 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பந்தையும் காலியான `t_events`-ஐயும் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது.

சுற்றை நிறுத்த, நேரத்தைப் பார்க்காமல் வேகத்தைப் பார்த்திருப்பதற்கும் காரணம் உண்டு. முதல் பறப்பு 4.08 வினாடி, அடுத்தது அதில் 80 சதவீதம், அதற்கடுத்தது அதிலும் 80 சதவீதம். எண்ணற்ற பறப்புகளின் கூட்டுத்தொகை 20.408 வினாடி, அவ்வளவுதான். நம் விதிப்படி பந்து அந்த நேரத்துக்குள் எண்ணற்ற முறை எழும்பி முடித்துவிடுகிறது. `while t0 < 30` என்று எழுதினால் நேரம் 20.408-ஐத் தாண்டவே தாண்டாது; நிரல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கியதும் நிறுத்தினால், 35 பறப்புகளில் வேலை முடிகிறது, நேரம் 20.40 வினாடி. அந்த வேகத்தில் பந்து எழும்பும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு பந்து தரையில் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு, உயரமும் திசைவேகமும் சுழியம் என்ற வேறொரு விதிக்கு நிரலை மாற்றிவிட வேண்டியதுதான்.